72-க்கும் 80-க்கும் நடுவே புகுந்த காற்று

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பரணை ஒழித்தபோது என் பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு செய்முறைப் பதிவேடு கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. "பனிக்கட்டியின் உருகுதல் உள்ளுறை வெப்பம்" என்று தலைப்பு. எல்லாப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரிலும் 80, 79, 80 என்று விடை. ஒரு பையனுக்கு மட்டும் 72. பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "கவனக்குறைவு. மீண்டும் செய்க." மறுபடி செய்து 73 கொண்டுவந்தான். அதற்கும் திட்டினேன். மற்றவர்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து 80 போட்டிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மதிப்பெண் அவர்களுக்குத்தான் போட்டேன்.

அந்தப் பையன் தவறு செய்யவில்லை. அவன் கணக்கில் புகுந்தது வகுப்பறைக் காற்று. அதைச் சொல்ல 260 வருடம் பின்னால் போக வேண்டும்.

ஜோசப் பிளாக், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்தவர். பனிக்கட்டி உருகும் நிலைக்கு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் சூடு பட்டாலே முழுவதும் தண்ணீராகிவிடும் என்றுதான் அவர் காலத்தில் பலரும் நினைத்தார்கள். பிளாக் யோசித்தார். அப்படியானால் குளிர்காலம் முடிந்து வெயில் வந்ததும் மலைப் பனி எல்லாம் ஒரேயடியாக உருகி வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போக வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கரைகிறது. சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தர்மாமீட்டர் ஏறுவதில்லை. அந்தச் சூடு எங்கே போகிறது, எவ்வளவு போகிறது?

1761-62 குளிர்காலத்தில் அதை அளந்தார். மெல்லிய உருண்டைக் கண்ணாடிக் குடுவைகள் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 அவுன்ஸ் தண்ணீர் ஊற்றினார். ஒன்றைப் பனியும் உப்பும் கலந்த கலவையில் வைத்து உறைய வைத்தார். மற்றொன்றை உறையாமல் 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர வைத்தார். (ஃபாரன்ஹீட்டில் உறைநிலை 32 என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்!) இரண்டையும் ஆள் நடமாட்டமில்லாத ஒரு பெரிய காலி மண்டபத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தாங்கி வைத்தார். மண்டபக் காற்று 47 டிகிரி. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. காற்றுதான் அடுப்பு.

தண்ணீர்க் குடுவை அரை மணி நேரத்தில் 33-லிருந்து 40-க்கு வந்தது. 7 டிகிரி ஏற்றம். ஐஸ் குடுவை அதே 40-க்கு வர பத்தரை மணி நேரம் ஆனது. அதாவது 21 அரை மணி நேரங்கள். காற்று இரண்டுக்கும் ஒரே வேகத்தில் சூடு கொடுத்தது என்று வைத்துக்கொண்டால், ஐஸ் வாங்கியது 21 × 7 = 147 டிகிரிக்கான சூடு. அதில் 32-லிருந்து 40 வரை ஏறியதற்கு 8 போக, மீதி 139 அல்லது 140. இந்த 140-ஐத்தான் தர்மாமீட்டர் காட்டவேயில்லை. வெறும் உருகுவதற்கே செலவான அந்தச் சூட்டுக்கு அவர் வைத்த பெயர்தான் நாம் படித்த உள்ளுறை வெப்பம். நம் கணக்கில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 78 கலோரி. உண்மையான மதிப்பு 80-க்குச் சற்றுக் கீழே.

இதில் எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. தண்ணீர்க் குடுவை சூடாகச் சூடாக அதற்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 14 டிகிரியிலிருந்து 7 ஆகச் சுருங்குகிறது. ஐஸ் குடுவையோ உருகி முடியும்வரை 15 டிகிரி வித்தியாசத்திலேயே நிற்கிறது. வித்தியாசம் பெரிதானால் சூடும் வேகமாகப் பாயும். ஆகவே "ஒரே வேகம்" என்பது அவ்வளவு கறாரான கணக்கு இல்லை. விடை இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

பிளாக்கும் அதோடு விடவில்லை. இரண்டாவதாக, நாம் பள்ளியில் செய்யும் கலவை முறையைச் செய்தார். அவருடைய எடை அளவில் 119 பங்கு ஐஸ், 190 டிகிரி சூடான தண்ணீர் 135 பங்கு. கண்ணாடிப் பாத்திரமும் சூடு வைத்திருக்குமே? அதை 8 பங்கு தண்ணீருக்குச் சமம் என்று சேர்த்துக்கொண்டார். ஐஸ் முழுவதும் உருகியபின் கலவை 53 டிகிரி. நீங்களே போட்டுப் பாருங்கள். சுடுதண்ணீரும் பாத்திரமும் இழந்தது 143 × 137 = 19,591. உருகிய ஐஸ் 32-லிருந்து 53-க்கு ஏற எடுத்தது 119 × 21 = 2,499. மீதி 17,092-ஐ 119-ஆல் வகுத்தால் 143-க்கு மேல் கொஞ்சம். நம் அளவில் கிட்டத்தட்ட 80 கலோரி! 1762 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நண்பர்கள் கூடிய அவையில் இதைப் படித்தார். அச்சில் மட்டும் கொண்டுவரவில்லை. அவர் இறந்த பிறகு 1803-இல்தான் ராபிசன் என்ற அவருடைய மாணவர் பாடக்குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். இடையில் 1772-இல் ஸ்வீடனில் வில்கே என்பவர், பிளாக் செய்தது தெரியாமலே, பனியைச் சுடுதண்ணீரில் போட்டு அளந்தார். அவருக்குக் கிடைத்த எண் என்ன தெரியுமா? 72!

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். செம்புக் கலோரிமீட்டர் 100 கிராம். அது 10 கிராம் தண்ணீருக்குச் சமம். உள்ளே 200 கிராம் தண்ணீர். ஆக 210. அறை வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், தண்ணீரும் 30. அதில் 30 கிராம் ஐஸைப் போடுகிறோம். வெளியிலிருந்து துளி சூடும் வராவிட்டால் கலவை 16.25 டிகிரியில் நிற்க வேண்டும். ஆனால் ஐஸ் கரைந்து முடிய சில நிமிடம் ஆகிறது. அவ்வளவு நேரமும் கலோரிமீட்டர் அறையைவிடக் குளிர்ந்திருக்கிறது. சுற்றியுள்ள காற்று சும்மா இருக்குமா? தன் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கலவை 17.25-இல் நிற்கிறது. ஒரே ஒரு டிகிரிதான். கணக்கைப் போடுங்கள். 210 × 12.75-இலிருந்து 30 × 17.25-ஐக் கழித்து 30-ஆல் வகுத்தால் 72!

காரணம் இதுதான். ஐஸை உருக்கிய சூட்டில் ஒரு பகுதியைக் காற்று கொடுத்தது. நம் கணக்கோ தண்ணீர் கொடுத்ததை மட்டும்தான் பார்க்கிறது. தண்ணீர் குறைவாகக் குளிர்ந்ததால், ஐஸுக்குக் குறைந்த சூடே போதும் போலிருக்கிறது என்று ஏமாறுகிறோம்.

போடுவதற்கு முன்பே காற்று இன்னொரு வேலையும் செய்துவிடுகிறது. மரத்தூளிலிருந்து எடுத்த ஐஸைக் கழுவி உடைத்து எடை போடுவதற்குள் மேற்புறம் உருகிவிடும். 30 கிராமில் 2 கிராம் ஏற்கெனவே தண்ணீர் என்றால், அந்த 2 கிராமுக்கு உருகும் செலவே கிடையாது. விடை 75-க்குச் சற்றுக் கீழே போய்விடும். இதுவும் குறைக்கிறது, அதுவும் குறைக்கிறது. ஒன்றையொன்று ஈடுகட்டாது. அதனால்தான் பத்து முறை செய்து சராசரி எடுத்தாலும் பிழை தீராது. தர்மாமீட்டரைத் தப்பாகப் படித்திருந்தால் விடை ஒரு முறை 76, ஒரு முறை 84 என்று இரண்டு பக்கமும் ஆடும். 72, 73, 71 என்று எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். சோதிக்கவும் வழி உண்டு. ஐஸைப் பெரிய கட்டியாகப் போட்டுக் கலக்காமல் வையுங்கள். உருக அதிக நேரம் எடுக்கும், விடை இன்னும் கீழே இறங்கும். அந்தப் பையன் இரண்டு முறையும் 72, 73 கொண்டுவந்தபோதே நான் இதைப் பிடித்திருக்க வேண்டும்.

காற்றை எப்படித் தடுப்பது? பாரிஸில் லவோசியேயும் லாப்லாஸும் 1783-இல் வெளியிட்ட கருவி எனக்கு மிகவும் பிடித்தது. சூடான பொருளை நடுக் கூடையில் வைப்பார்கள். அதைச் சுற்றி ஐஸ். அந்த ஐஸைச் சுற்றி இன்னொரு ஐஸ் உறை. அறைக் காற்றின் சூடு வெளி உறையைத்தான் உருக்கும். அந்தத் தண்ணீர் தனிக் குழாயில் போய்விடும். உள் ஐஸும் சுழி டிகிரி, அதன் பக்கத்து வீடும் சுழி டிகிரி. வித்தியாசமே இல்லாத இடத்தில் சூடு எப்படிப் பாயும்? ஆகவே உள்ளே உருகியதெல்லாம் பொருள் கொடுத்த சூட்டுக்கே கணக்கு.

நமக்கு அவ்வளவு ஏற்பாடு முடியாது. ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. தண்ணீரை அறையைவிடச் சில டிகிரி சூடாக வைத்துத் தொடங்கி, அறையைவிடச் சில டிகிரி கீழே முடிப்பது. முதல் பாதியில் காற்றிடம் இழந்ததை இரண்டாம் பாதியில் காற்று திருப்பித் தந்துவிடும். ஆனால் சரிபாதியாக வைத்தால் போதாது. தண்ணீர் சூடாக இருக்கும்போது ஐஸ் மளமளவென்று கரையும், கடைசியில் மெதுவாகத்தான் கரையும். அறைக்குக் கீழே கழியும் நேரம் அதிகம். ஆகவே மேலே கொஞ்சம் கூடுதலாகத் தொடங்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. மிகவும் கீழே போனால் பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும். அது காற்றிலுள்ள நீராவி தண்ணீராவது. அப்போது அது விடும் சூடு கிராமுக்கு 580 கலோரி அளவு இருக்கும். அரை கிராம் வியர்வையே மேலே சொன்ன ஒரு டிகிரிப் பிழைக்குத் தாராளமாகப் போதும். எங்கள் வகுப்பில் கலோரிமீட்டர் வியர்த்துக் கொட்டும். பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

ஞாயிறன்று பேத்தியை உட்கார வைத்துச் சமையலறையில் செய்து பார்த்தேன். அறை 30 டிகிரி. 100 கிராம் எவர்சில்வர் டம்ளர், தண்ணீர்க் கணக்கில் 12. உள்ளே 200 கிராம் தண்ணீர், 36 டிகிரியில். ஐஸைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றி, கை படாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போட்டோம். டம்ளர் மேசையில் படாமல் தெர்மோகோல் மேல் இருந்தது. ஐஸ் மிதக்காமல் கரண்டியால் அமுக்கிக் கலக்கினாள். கலவை 25.2-இல் நின்றது. ஐஸின் எடையைக் கடைசியில், டம்ளரின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்து எடுத்தோம்: 22 கிராம். டம்ளரின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.

212 × 10.8 = 2,289.6. அதில் 22 × 25.2 = 554.4 போக 1,735.2. 22-ஆல் வகுத்தால் 78.9.

பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டு, "விடை சரி. ஆசிரியர் அறையைப் பார்க்கவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு போன் போடு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.