பாளி ஓதல் தொடர்களின் தமிழ் வடிவம்

பௌத்தச் சடங்குகளில் பிக்குகள் பாளி மொழியில் ஓதும் தொடர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதும், அவற்றின் பொருளைத் தமிழில் எடுத்துரைப்பதும் வழக்கம். கிழக்கிலங்கையின் மருதமுனை, கல்முனைக் கரையோரத்தில் வாழ்வோரில் மிகப் பலர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். கல்முனை நகரில் சுபத்ராராம விகாரை இருக்கிறது. உள்நாட்டுப் பக்கம் தீகவாபித் தூபி இருக்கிறது. இப்பகுதியில் ஒரு பொது நிகழ்வில் பிரித் ஓதினால், கேட்போரில் பலருக்குத் தமிழ்தான் வழி.

இத்தகைய தொடர்களின் பொருளைத் தமிழில் சொல்வதற்குப் பழைய சான்று மணிமேகலை. அதன் இறுதிக் காதையில் புத்தன், தன்மம், சங்கம் என்ற மும்மணியை மணிமேகலை வணங்குகிறாள். அங்கே பாளித் தொடர் அப்படியே வரவில்லை. தமிழ்ச் செய்யுளின் ஓட்டத்துக்குள் கரைந்து வருகிறது. சோழர் காலத்தில் திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றது. அங்கு தமிழ்க் கல்வெட்டுகள் கொடைகளைப் பதிவு செய்துள்ளன. கிழக்கிலங்கையில் தமிழ் பேசிய பௌத்தர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பின்னர் நீண்ட இடைவெளி. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்கு வந்து, ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அதே ஆண்டு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் வெளிவரத் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழும், கோலார் தங்கவயல் வரை பரவிய சங்கக் கிளைகளும் பௌத்தத்தைத் தமிழிலேயே பேச வைத்தன.

சடங்கின் தொடக்கத்தில் ‘நமோ தஸ்ஸ’ மும்முறை ஓதப்படும். அடுத்து மூன்று சரணங்கள், பிறகு ஐந்து சீலங்கள். எழுத்துச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முதல் சீலமான ‘பாணாதிபாதா வேரமணி’ என்பதில் தகரமும் பகரமும் பாளியில் வல்லொலிகள். தமிழ் வாசகரோ உயிர்களுக்கு நடுவே வரும் அவற்றை இயல்பாகவே மெலிதாக்கி வாசிப்பார். ஆகவே தொடர் சற்றே திரிந்து ஒலிக்கும். இரண்டாம் சீலமான ‘அதின்னாதானா’வில் மூல ஒலியே மெலிந்ததுதான், அதைத் தமிழர் எழுதியபடி வாசித்தாலே சரியாக வந்துவிடும். ‘புத்தம்’ என்ற சொல்லின் முதலெழுத்தும் நடுவிலுள்ள இரட்டைத் தகரமும் பாளியில் மெலிந்து ஒலிப்பவை; எழுத்தைப் பார்த்து வாசிப்பவர் இரண்டையும் வன்மையாக்குவார். ஆகவே தமிழ் எழுத்துப் பிரதி மட்டும் போதாது. ஒருமுறை செவிவழி கேட்டுப் பழகியவரே பிழையின்றி ஓத முடியும். இம்முயற்சியின் மறுபக்கத்தை முஸ்லிம்கள் நன்கறிவார்கள். அரபுத் தமிழில் தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்குப் புதுக் குறிகள் சேர்த்தவர்கள் அவர்களின் முன்னோர்.

பொருள் சொல்வதில் இன்னும் கவனம் வேண்டும். ‘புத்தம் சரணம் கச்சாமி’யில் ‘புத்தம்’ என்பது ‘புத்தரை’ என்னும் இரண்டாம் வேற்றுமை. தமிழில் ‘அம்’ ஈறு பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் வருவது என்பதால் அது ஏதோ ஒரு பொருளின் பெயராகக் காதில் விழுகிறது. ‘கச்சாமி’ என்றால் ‘செல்கிறேன்’, தன்மை ஒருமை. எனவே ‘புத்தரைச் சரணடைகிறேன்’ என்பதே நேர்பொருள். இதைத் திருப்பிச் சொல்பவர், தாமே சரணடைவதாகச் சொன்னவராகிறார்.

சீலங்களுக்குத் தமிழில் ஆயத்தமான சொற்கள் உண்டு. கொல்லாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, வாய்மை, கள்ளுண்ணாமை ஐந்தும் திருக்குறள் அதிகாரப் பெயர்கள். இவை எல்லாச் சமயத்தவருக்கும் உடனே புரியும். ஆனால் ‘வேரமணி சிக்காபதம் ஸமாதியாமி’ என்ற பகுதி, ‘விலகி நிற்கும் பயிற்சியை நானாக ஏற்கிறேன்’ என்கிறது. ‘கொல்லாதே’ என்று ஏவலாக்கினால், தானே விரும்பி ஏற்ற பயிற்சி மேலிருந்து வந்த கட்டளையாகிவிடும். இறைக் கட்டளைகளைக் கேட்டுப் பழகிய முஸ்லிமும் கிறிஸ்தவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கலப்பு அவையில் விளக்கம் சொல்பவர் பாளியைப் பிக்குவிடமே விட்டுவிட்டு, ‘பௌத்தர்கள் புத்தரைச் சரணடைவதாகக் கூறுகின்றனர், உயிர்க்கொலையிலிருந்து விலகி நிற்கும் பயிற்சியை ஏற்கின்றனர்’ என்று படர்க்கையில் சொல்வதே சரி. அவையோரைத் தன்மையில் திருப்பிச் சொல்லச் செய்வது பிழை. குத்பாவின் அரபுப் பகுதியைக் கேட்டுவிட்டு அதன் கருத்தைத் தமிழில் அறிந்துகொள்ளும் பழக்கமுள்ள ஊர்களுக்கு இந்த முறை புதியதும் அல்ல.