தொப்பி இல்லாத தலைக்கு சல்யூட் எதற்கு?

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு குடியரசு தினக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், வாசலில் நின்றவரைப் பார்த்து விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்தேன். சிரித்துவிட்டு பதில் சல்யூட் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை அசைக்கவே இல்லை.

"ஏல, தொப்பி எங்கல?" என்றார்.

"தொப்பி இல்ல அண்ணாச்சி."

"அப்போ எதுக்குல கைய அங்க கொண்டு போற? கும்பிடு, இல்லன்னா சும்மா வணக்கம் சொல்லு. அது போதும்."

அன்றைக்கு முகம் வாடித்தான் போனேன். அவர் கேட்டது அதட்டல் இல்லை, சல்யூட்டின் வரலாறே அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

சல்யூட் எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கதை சொல்வார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இரும்புக் கவசம் அணிந்த வீரர்கள், எதிரே வருபவருக்குத் தங்கள் முகம் தெரிய வேண்டும் என்று முகமூடியைக் கையால் உயர்த்தினார்களாம், அந்த அசைவே சல்யூட் ஆனதாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. ஆவணங்களில் தெரிகிற பாதை இதைவிட எளிமையானது. ஐரோப்பாவில் மேலானவரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவது ஊர் வழக்கம், படைவீரனும் அதையே செய்தான். 18ஆம் நூற்றாண்டில் படைத் தொப்பிகள் உயரமாகி, சரிகை வைத்து, கழற்றி மாட்டச் சிரமமானவை ஆயின. அழுக்குக் கை பட்டுச் சரிகை பாழாகிறது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. 1745இல் இங்கிலாந்தின் கோல்ட்ஸ்ட்ரீம் காவல்படையில், தொப்பியைக் கழற்ற வேண்டாம், அதிகாரியைக் கடக்கும்போது கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலை குனிந்தால் போதும் என்று உத்தரவு வந்தது. கழற்றுவது தொடுவதாகச் சுருங்கியது. நெற்றிக்குப் போகும் கை, உண்மையில் தொப்பியைத் தேடிப் போகும் கை.

பிரிட்டிஷ் மரபில் வந்த இந்தியப் படைகளில் தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாதபோது கையை உயர்த்துவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். வெறுந்தலையோடு இருப்பவர் நேராக விறைத்து நின்று வாயால் வணக்கம் சொல்வார். அண்ணாச்சி என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

கடற்படைக்கு இந்தப் பழக்கம் இன்னும் தாமதமாகவே வந்தது. அங்கே தொப்பியைக் கழற்றுவதும் தொடுவதுமாகவே வெகுகாலம் இருந்தது. தன் முன்னால் மாலுமிகள் வெறுந்தலையோடு நிற்பது விக்டோரியா ராணிக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். 1890இல்தான் கையால் சல்யூட் என்பது விதியானது. நம் நாட்டில் மூன்று படைகளுக்கும் மூன்று விதமான கை. தரைப்படையில் உள்ளங்கை எதிரே இருப்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்த்து மடங்கியிருக்கும். தார் பூசிய கயிற்றோடும் எண்ணெயோடும் வேலை செய்த மாலுமி தன் அழுக்குக் கையை மறைக்கத்தான் அப்படி வைத்தான் என்பது கடற்படையினர் சொல்லும் விளக்கம். விமானப்படை 2006இல் தன் முறையை மாற்றி, இரண்டுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் கையை வைத்தது. ஆக, பொதுவான சல்யூட் என்று ஒன்று கிடையாது. சினிமா பார்த்து நாம் அடிப்பது இந்த மூன்றில் எதுவாகவும் இருப்பதில்லை.

சாரணர் சல்யூட் இன்னொரு கிளை. 1907இல் பிரௌன்சீ தீவில் சோதனை முகாம் நடத்திய பேடன் பவல் ராணுவத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் ராணுவக் கையை அப்படியே சிறுவர்களுக்குக் கொடுக்கவில்லை. மூன்று விரல் நிமிர்ந்திருக்கும், கட்டைவிரல் சுண்டுவிரலை மடக்கிப் பிடித்திருக்கும். மூன்று விரல்கள் பிரமாணத்தின் மூன்று பகுதிகள்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கட்டுப்படுதல். சுண்டுவிரல் மேல் கட்டைவிரல், எளியவரை வலியவர் காப்பதன் அடையாளம். 1950இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும் இதே கைதான். பிரமாணம் எடுத்த பிறகே அந்தக் கை ஒரு பிள்ளைக்குச் சொந்தமாகிறது. எடுக்காதவர் காட்டினால் அது மூன்று விரல், அவ்வளவுதான்.

சரி, மற்றவர்கள் அடித்தால் என்ன குடி முழுகிவிடும்? சட்டப்படி குற்றமா? இல்லை. கொடி ஏற்றும்போது அனைவரும் கொடியை நோக்கி நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் உரிய சல்யூட் செய்ய வேண்டும் என்று 2002இன் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. சீருடை இல்லாதவர் கையை உயர்த்தினால் தண்டனை எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

2015 ஜனவரி 26 அன்று டெல்லி ராஜபாதையில் எடுத்த ஒரு படம் பரவியது. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியும் பிரதமரும் பாதுகாப்பு அமைச்சரும் கையை நெற்றியில் வைத்திருந்தார்கள். துணைக் குடியரசுத் தலைவர் ஹமீது அன்சாரி கையைத் தொங்கவிட்டு நேராக நின்றிருந்தார். நாட்டை அவமதித்துவிட்டார் என்று அவர்மீது வசைமழை. அவருடைய அலுவலகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று: சல்யூட் ஏற்பவர் அங்கே தலைமை தாங்குபவரும் சீருடையில் இருப்பவர்களும் மட்டுமே, சாதாரண உடையில் இருப்பவர் நேராக நிற்பதுதான் முறை. தலைமை விருந்தினராக வந்த ஒபாமாவும் அப்படியே நின்றார். முறைப்படி நின்றவர் குற்றவாளியாகத் தெரிந்தார். ஆசைக்கு அடிக்கும் சல்யூட் பழகிப்போனால், கடைசியில் அடிக்காதவரைச் சந்தேகிப்பதில் கொண்டுபோய் விடுகிறது.

இதைவிடக் கசப்பான முன்கதையும் உண்டு. 1919இல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் இருந்தபோது குஜ்ரன்வாலாவில் ஓர் உத்தரவு போட்டார்கள். வெள்ளை அதிகாரியைக் கண்டால் இந்தியர்கள் வண்டியிலிருந்து இறங்கி, குடையை மடக்கி, சலாம் போட வேண்டும். படைக்குள் சல்யூட் இரு பக்கமும் கட்டுப்படுத்துவது. கீழே இருப்பவர் முதலில் கையை உயர்த்துகிறார், மேலே இருப்பவர் பதில் தந்தே ஆக வேண்டும். பதில் சொல்லும் கடமை மேலிருப்பவருக்கு இல்லாதபோது அது சலாம். நம் ஊரில் "சலாம் போடுறான்" என்பது வசவாக மாறியது சும்மா இல்லை.

சங்கு குளிக்கும், முன்பு முத்துக் குளித்த கரை எங்களுடையது. அடியில் இருப்பவர் கயிற்றை இழுத்தால், படகில் கயிறு பிடித்திருப்பவர் அந்த நொடியே மேலே தூக்க வேண்டும். அதை யாரும் விளையாட்டுக்கு இழுப்பதில்லை. இழுத்தால் மறுமுனையில் ஒருவர் செயல்பட்டாக வேண்டும். சல்யூட்டும் அப்படிப்பட்ட கயிறுதான். துறைமுக வாசலில் காவலுக்கு நிற்கும் படைவீரருக்கு நாம் குஷியில் சல்யூட் அடித்தால், பதில் தருவதா, வேலையைப் பார்ப்பதா என்ற சங்கடத்தை அவர் கையில் கொடுக்கிறோம்.

அப்படியென்றால் சீருடை இல்லாதவர் மரியாதையை எப்படிக் காட்டுவது? விடை துறைமுகத்துக்கு வெளியே கடலிலேயே இருக்கிறது. வணிகக் கப்பல் போர்க்கப்பலைக் கடக்கும்போது அதைப்போல நடிப்பதில்லை. தன் கொடியைக் கொஞ்சம் இறக்குகிறது. போர்க்கப்பலும் தன் கொடியை இறக்கி ஏற்றிப் பதில் தருகிறது. அதன் பிறகு வணிகக் கப்பல் தன் கொடியை மறுபடி உச்சிக்கு ஏற்றிக்கொண்டு அதன் வழியே போகிறது. இரண்டும் தத்தம் கொடியோடுதான் பேசிக்கொள்கின்றன.

அதன் பிறகு அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டேன். அவரும் ஒவ்வொரு முறையும் இரண்டு கையும் கூப்பிப் பதில் கும்பிடு போட்டார், ஒருநாளும் தவறவிட்டதில்லை.