à®… வந்தா பயப்படாதீங்க, ???? வந்தா பயப்படுங்க

இன்னைக்கு ஒரு பெயர் தொலைஞ்ச கதையோட ஆரம்பிக்கிறேன். 2011-ல ஒரு கல்லூரி விழாவுக்கு நான் பதிவுப் படிவம் செஞ்சு கொடுத்தேன். தமிழ்லயே பெயர் எழுதலாம்னு பெருமையா போட்டிருந்தேன். மறுநாள் பட்டியலைத் திறந்தா, பாதிப் பெயர்கள் à®®à¯ மாதிரி கிறுக்கலா இருந்தது. மீதிப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகள். ரெண்டும் ஒரே நோய்னு நினைச்சேன். இல்ல.

இதைப் புரிஞ்சுக்க 1992-க்குப் போகணும். அந்த செப்டம்பர்ல, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில, கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. தட்டுக்கு அடியில விரிக்கிற காகிதத்துல, உலகத்து எழுத்துகளை எல்லாம் பைட்டுகளா எழுதுற ஒரு முறையைத் தாம்ப்சன் வரைஞ்சார். அதுதான் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோட்ல தமிழ் இருக்கிற இடத்தால, நம்ம ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘அ’ என்பது E0 AE 85.

இதே 3 பைட்டை, ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு நினைக்கிற பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையில படிச்சா என்ன ஆகும்? E0 என்பது à, AE என்பது ®, 85 என்பது மூன்று புள்ளி. அதனாலதான் à®…. தமிழ் அழியல; வேற கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது? மைஎஸ்க்யூஎல் சுவீடன்ல வளர்ந்த தரவுத்தளம். அதுல நாமா ஒண்ணும் சொல்லலைன்னா latin1, அதோட சுவீடிஷ் அகரவரிசை. 2018-ல 8.0 வந்தப்பதான் அது utf8mb4-க்கு மாறுச்சு. என் படிவத்துல ஒரு பக்கம் latin1 இணைப்புல பைட்டுகளை அப்படியே உள்ளே தள்ளியது. அது கிறுக்கல், மீட்கலாம். இன்னொரு பக்கம் “இது யூடிஎஃப்-8” என்று சரியாவே சொல்லி அனுப்பியது. ஆனா பெட்டி latin1. அதுல ‘ம’ன்னு ஒரு எழுத்தே கிடையாது. அதனால தரவுத்தளம் ஒவ்வொரு குறிக்கும் ஒரு ? எழுதிட்டுது. அது மீளாது. அந்தப் பெயர்களை மறுபடி கேட்டுத்தான் வாங்கினேன்.

கிறுக்கலை மீட்கும்போது நான் ஒரு தப்பு செஞ்சேன். அதைத் திரையிலிருந்து காப்பி பண்ணி, ஒரு எடிட்டர்ல ஒட்டிச் சேமிச்சேன். விண்டோஸோட 1252 அட்டவணையில 81, 8D, 8F, 90, 9D என்ற 5 இடங்கள் காலி. நம்ம உகரக் குறி 81-லயும், புள்ளி 8D-லயும், ஏ 8F-லயும், ஐ 90-லயும் முடியுது. காலி இடத்துப் பைட்டுகள் மறைஞ்சுபோச்சு. திருப்பி மாத்தினப்ப ‘முத்து’, ம�த�த� ஆகியிருந்தார். உகரமும் புள்ளியும் மட்டும் காணாமப்போனா, யாரோ நடுவுல 1252-ஐத் தொட்டிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். அதனால, முதல்ல தரவுத்தளத்தோட நகலை எடுங்க. மாத்துறதை அதுக்குள்ளேயே செய்யுங்க.

புதுசா செய்றவங்களுக்கு ரெண்டு இடம் முக்கியம், பெட்டியும் இணைப்பும்:

```
CREATE TABLE pathivu (peyar VARCHAR(100))
  CHARACTER SET utf8mb4;
SET NAMES utf8mb4;
```

ரெண்டுல ஒண்ணு விட்டுப்போனாதான் மேலே சொன்ன கதை.

அடுத்தது மின்னஞ்சல். 1982-ல எழுதப்பட்ட விதிப்படி அஞ்சல் 7 பிட் ஆங்கிலத்தை மட்டும்தான் சுமக்கும். பிறகு வந்த மைம் விதிகள், தலைப்பு வரியைப் பொட்டலம் கட்டி அனுப்ப வழி சொன்னது. ‘அ’ என்ற தலைப்பு இப்படிப் போகும்:

```
Subject: =?UTF-8?B?4K6F?=
```

ஒரு பொட்டலத்துக்கு 75 எழுத்துதான் எல்லை. உறையைக் கழிச்சா, உள்ளே 45 பைட் கொள்ளும், அதாவது 15 தமிழ்க் குறி. ‘முத்து’வே 6 குறி. அதனால நீளத் தலைப்புக்குப் பல பொட்டலம் வேணும், ஒவ்வொண்ணும் முழுக் குறியில முடியணும். நான் எண்ணிக்கை மட்டும் பார்த்து வெட்டினேன். நடுவுல ஒரு இடைவெளி ஒரே பைட் எடுத்துக்கிட்டதால, வெட்டு ஒரு குறியோட வயித்துல விழுந்துச்சு. தலைப்போட நடுவுல மட்டும் � தெரிஞ்சா, காரணம் இதுதான். இந்த வேலையை அஞ்சல் நூலகத்துக்கிட்ட விட்டுடுங்க.

இப்பவும் எந்தப் படிவத்தைச் சோதிச்சாலும் நான் முதல்ல தட்டுற பெயர் ‘முத்து ஐயா’. உகரம், புள்ளி, ஐ மூணும் அதுல இருக்கு. அது பட்டியல்லயும் தலைப்பு வரியிலயும் முழுசா வந்தா, நிம்மதியா தூங்கலாம்.