தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் செல்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் அறிவியல் வரலாறு. பயந்து ஓடிடாதீங்க, ரெண்டே ரெண்டு விஷயம்தான்.

டி.என்.ஏ.வின் ரெண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்து போனால் செல்லுக்கு இரண்டு வழி. ஒன்று, அறுந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டுவது. கிழிஞ்ச பக்கத்துக்கு செலோடேப் போடற மாதிரி. வேகமான வேலைதான், ஆனா ஒட்டுன இடத்துல சில எழுத்து காணாமப் போகலாம். இன்னொன்று, அதே புத்தகத்தின் வேறொரு பிரதியைத் திறந்து வைத்து, விட்டுப்போனதைப் பார்த்து எழுதுவது. இதுக்குப் பேர் ஹோமோலோகஸ் ரீகாம்பினேஷன்.

விந்தும் முட்டையும் உருவாகும் மியாசிஸில் அப்பா வழி குரோமோசோமும் அம்மா வழி குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இதுதான் கிராஸ்ஓவர். இது எப்படித் தொடங்குது? 1964ல் ராபின் ஹாலிடே சொன்ன மாதிரிப்படி, ஒவ்வொரு டி.என்.ஏ.விலும் ஒரு இழையில் மட்டும்தான் வெட்டு விழும். ரெண்டு இழையையும் வெட்டுறது தற்கொலை இல்லையான்னுதான் யாருக்கும் தோணும்.

1981ல் ஓர்-வீவர், ஸோஸ்டாக், ராத்ஸ்டீன் மூவரும் ஈஸ்ட் செல்லுக்குள் வட்டமான பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை அனுப்பினார்கள். வட்டமாகவே போனால் அது குரோமோசோமில் சேர்வது அபூர்வம். ஒரு ஜீனுக்குள் வெட்டி அனுப்பினால் பல மடங்கு அதிகமாகச் சேர்ந்தது, அதுவும் குரோமோசோமில் அதே ஜீன் இருக்கும் இடத்தில்! நடுவில் ஒரு துண்டையே எடுத்துவிட்டு அனுப்பினாலும், குரோமோசோமைப் பார்த்து அந்த இடைவெளி நிரம்பிவிட்டது. முனைகளை வெறுமனே ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு திரும்பி வந்திருக்காது.

1983ல் ஃபிராங்க் ஸ்டாலும் சேர்ந்து, மியாசிஸும் இப்படித்தான் தொடங்குதுன்னு துணிஞ்சு எழுதினாங்க. வெட்டு விழும், முனைகளில் ஒரு இழை அரிக்கப்பட்டு, மற்ற இழை வாலாக நீளும், அந்த வால் ஜோடி குரோமோசோமுக்குள் நுழைந்து பிரதி எடுக்கும். நிரூபணம் 1989ல் வந்தது. மியாசிஸில் இருக்கும் ஈஸ்டில், ARG4 ஜீன் அருகே, வெட்டு தோன்றி மறைவதை ஸோஸ்டாக் குழு நேரடியாகவே பார்த்துவிட்டது. வெட்டுவது யார்? ஸ்போ11 என்ற புரதம் என்று 1997ல் தெரிந்தது. செல்லே வைத்திருக்கும் கத்தி!

அந்த மாதிரியில் எல்லாமே சரியில்லைங்க. கிராஸ்ஓவர் ஆகாம முடியற பழுதுபார்ப்பு பெரும்பாலும் வேற பாதையில போகுதுன்னு 2001ல் தெரிந்தது. தொடக்கம் மட்டும் இன்னிக்கும் நிக்குது.

சரி, ஏன் இந்த விபரீதம்? டேப் போட்டு ஒட்டினால் குரோமோசோம் தன் முனைகளை மட்டுமே பார்க்கும், ஜோடியைத் தேடாது. பிரதி எடுத்தாகணும்னாதான் தேடும். அப்படி உருவாகும் கிராஸ்ஓவர், பிரியும் நேரம் வரை ஜோடியைப் பிணைத்து வைக்கும். பிணைப்பு இல்லேன்னா ரெண்டும் ஒரே பக்கம் போய்டலாம். 21ஆம் குரோமோசோம் அப்படிப் போனால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரலாம். ஜோடி சேரணும்கறதுக்காகவே ஒரு காயம்!

தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன்.