கொள்ளிடத்தில் இறங்கிய புயல்

மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கல்கி, ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்தாம் பாகத்தில் ஒரு புயலைக் கிளப்பிவிடுகிறார். அது கடலிலிருந்து நாகப்பட்டினத்தில் ஏறி, கொள்ளிடத்தைக் கலக்கி, திருப்புறம்பயத்துப் பள்ளிப்படைவரை போகிறது. அந்த வழியெல்லாம் அதன் பின்னாலேயே நடந்து பார்த்தால், கதையில் வரும் காற்றும் மழையும் எப்போது ஒரு மனிதனின் மனமாக மாறுகின்றன, எப்போது வெறும் காற்றும் மழையுமாகவே இருக்கின்றன என்பது பிடிபடும்.

முதலில் நாகை. சூடாமணி விகாரத்தில் அருள்மொழிவர்மன் மறைந்திருக்கிறான். கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. விகாரத்தை வெள்ளம் சூழ்கிறது. இளவரசன் கலங்கவில்லை. ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறான், புயல் ஓய்ந்தபின் மக்கள் நடுவே நிற்கிறான். இந்த இடத்தில் புயலுக்கும் அவன் மனதுக்கும் ஒட்டே இல்லை. வெளியே எவ்வளவு கொந்தளிக்கிறதோ, உள்ளே அவ்வளவு தெளிவு. இதை மனத்தின் நிழல் என்று வாசித்தால் கதை நம் கையைத் தட்டிவிடும். தொடர் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1952 நவம்பர் கடைசியில், நாகைப் பகுதியை நிஜமாகவே ஒரு கடும்புயல் தாக்கியது. அன்றைய டெல்டா வாசகனுக்குக் கடல் ஊருக்குள் வருவது உருவகமாக இருந்திருக்க முடியாது.

அதே புயல் அடுத்து கொள்ளிடத்துக்கு வருகிறது. அங்கே படகில் பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய கிழவர். தள்ளாத வயதில் நந்தினியை மணந்து அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அவளைக் கடம்பூர் மாளிகையில், இளைஞர்கள் நடுவே விட்டுவிட்டு, மதுராந்தகனை அழைத்துவரத் தஞ்சைக்குப் புறப்பட்டிருக்கிறார். அவள்மேல் சந்தேகமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ஆனால் அவருடைய தம்பியின் எச்சரிக்கைகள் பல நாளாகவே காதில் கிடக்கின்றன. இந்த நிலையில்தான் காற்று சுழல்கிறது. படகு கவிழ்கிறது. கிழவர் நீந்தி, தட்டுத்தடுமாறிக் கரையேறி, துர்க்கை கோயில் ஒன்றில் ஒதுங்குகிறார்.

அடுத்து வரும் அத்தியாயங்களின் பெயர்களைக் கவனியுங்கள்: ‘கரை உடைந்தது’, ‘கண் திறந்தது’, ‘மண்டபம் விழுந்தது’. முதலாவதும் மூன்றாவதும் வெளியே நடப்பவை. நடுவில் உள்ளது ஒரு மனிதனுக்குள் நடப்பது. ஆற்றங்கரை உடைந்து வெள்ளம் அவரை அடித்துப்போய்ப் பள்ளிப்படையில் சேர்க்கிறது. அந்த இருட்டில் ரவிதாசனின் கூட்டத்தார் பேசுவது அவர் காதில் விழுகிறது. நந்தினி தன்னை எதற்காக மணந்தாள் என்பதும், ஆதித்த கரிகாலனைக் கொல்ல நடக்கும் சதியும் ஒரே மூச்சில் தெரிந்துபோகின்றன. இதையே அரண்மனையில் ஓர் ஒற்றன் வந்து காதில் ஓதியிருந்தால் கிழவர் நம்பியிருக்க மாட்டார். ஒற்றனை வெட்டியிருப்பார். கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவர, பரிவாரம், படகு, பதவி, காலுக்கடியில் இருந்த தரை என்று ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் புயல் செய்கிறது.

கரை உடைவது பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடைப்பு வெள்ளத்தன்று பிறப்பதல்ல. நண்டு வளையிலும் எலி வளையிலும் நீர் கசிந்து, உள்ளுக்குள்ளேயே மண் கரைந்து, வெளியே கரை முழுசாக நின்றுகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து மோதும்போதுதான் உடைப்பெடுக்கும். பழுவேட்டரையரின் நம்பிக்கையும் அப்படி நின்ற கரைதான். தம்பி சொன்னவை, நந்தினி பிடிகொடுக்காமல் நழுவிய தருணங்கள் எல்லாம் முன் பாகங்களில் கசிந்துகொண்டே இருந்தவை. திரும்பிப் போய் அந்தக் கசிவுகளைக் காட்ட முடிந்தால்தான், புயலை மனமாக வாசிக்க நமக்கு உரிமை உண்டு. புயலுக்கு முன்பே கலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். காட்சி அந்தப் பாத்திரத்தின் கண்வழியே வர வேண்டும். புயல் முடிந்தபின் அவர் பழைய ஆளாக இருக்கக் கூடாது. பழுவேட்டரையரிடம் மூன்றும் பொருந்துகின்றன, நாகையில் அருள்மொழியிடம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மேனாட்டு மர்மக்கதை மரபில் இந்த உத்திக்கு நீண்ட ஆயுள் உண்டு. எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய அஷர் மாளிகைக் கதையில் வீட்டின் முகப்பில் மயிரிழை போல ஒரு விரிசல். வீட்டுக்காரனின் மனம் சிதைந்து முடிந்த இரவில் புயலுக்கு நடுவே வீடும் இரண்டாகப் பிளந்து குளத்தில் மூழ்குகிறது. அங்கே வீடும் மனிதனும் ஒன்று. அவன் முடிந்தால் அதுவும் முடிகிறது. பள்ளிப்படையில் அப்படி இல்லை. மண்டபம் கிழவரின் மேலேயே விழுகிறது, ஆனால் அவர் சாவதில்லை. கண் திறந்தபின்தான் இடிபாடு வருகிறது. பிறகு அவர் எழுந்து கடம்பூரை நோக்கிப் போக வேண்டியிருக்கிறது. போவில் இடிவது முடிவு, கல்கியில் அது ஒரு கடமையின் தொடக்கம். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது. மனம் உடைவதோடு கதையை நிறுத்திவிட கல்கிக்கு மனமில்லை.

தமிழில் நிலத்தையும் பொழுதையும் மனத்தோடு சேர்த்து வாசிப்பது இறக்குமதியும் அல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது, உணர்வை உரிப்பொருள் என்கிறது. முல்லைக்குக் கார்காலமும் காத்திருப்பும், பாலைக்கு வெயிலும் பிரிவும். ஆனால் அங்கே மழை தலைவியின் மனத்திலிருந்து பிறப்பதில்லை. மழை தன் காலத்தில் வருகிறது, அவளுடைய காத்திருப்பு அதில் போய்ச் சேர்கிறது. கல்கியின் புயலும் இந்த வழியில் வந்ததுதான் என்பேன். அது கிழவருக்காக மட்டும் வீசவில்லை. நாகையில் வீசி, சோழநாட்டு ஏழைகளின் கூரைகளையும் பிய்த்துக்கொண்டுதான் அவரிடம் வருகிறது.

எல்லா இடத்திலும் இந்தச் சாவியைப் போடாதீர்கள் என்பதற்கு அதே நாவலில் எதிர்ச்சான்று உண்டு. கோடிக்கரையில் பூங்குழலி பாடும் பாட்டில், கடல் அமைதியாக இருக்கையில் தன் உள்ளக்கடல் மட்டும் ஏன் பொங்குகிறது என்று கேட்கிறாள். வெளியும் உள்ளும் ஒத்துப்போகாததே அவளுடைய துயரம். கடம்பூர் மாளிகையிலும் எச்சரிக்கை தேவை. பாடம் செய்த விலங்குகள் நிற்கும் வேட்டை மண்டபமும் அதையொட்டிய இரகசிய வழியும், வீரபாண்டியனைக் கொன்ற நினைவால் நிம்மதி இழந்த கரிகாலனின் மனமே என்று எழுதிவிடலாம். அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த மண்டபத்தையும் சுரங்கத்தையும் நமக்கு விரிவாகக் காட்டுபவன் வந்தியத்தேவன். அவனுக்கு அவை ஒளியவும் தப்பவும் உதவும் இடங்கள். கரிகாலனின் கண்வழியே வரும் சில பக்கங்களில் மட்டும் அந்த வாசிப்பு நிற்கும். மற்ற இடங்களில் அது நாம் ஒட்டவைத்ததாகிவிடும்.

ஐந்தாம் பாகம் கையில் இருந்தால், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து பதினொன்று வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இப்போது நனைவது யார், பார்ப்பது யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள்.