ஒட்டு எழுத்தும் ‘பண்பாடு’ என்னும் விளக்கமும்

பிரிட்டனில் முதுகலை படிக்கச் செல்லும் நம் மாணவர்கள், ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கச் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். அச்சில் வந்த ஓர் ஆசிரியரின் கூற்றைத் தம் கட்டுரையில் கையாள்வதுதான் பலருக்கும் நெடுநாள் பிடிபடுவதில்லை. மூலத்தின் வாக்கியத்தை வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றி எழுதும் பழக்கத்துக்கு எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களில் ‘பேட்ச்ரைட்டிங்’, அதாவது ஒட்டு எழுத்து, என்று பெயரிட்டார். ஏமாற்றும் நோக்கமின்றியும் இது நிகழும் என்பது அவர் வாதம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ‘நிலத்தடி நீர் சரிந்ததற்கு மழைக்குறைவைவிட ஆழ்துளைக் கிணறுகளின் பெருக்கமே முதன்மைக் காரணம்’ என்பது மூலம் என்று கொள்வோம். மாணவர் எழுதுவது: ‘நிலத்தடி நீர் குறைந்ததற்கு மழையின்மையைக் காட்டிலும் போர்வெல்கள் அதிகரித்ததே முக்கியக் காரணம்.’ முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தருகிறார். ஆயினும் குறை தீரவில்லை. கருத்து யாருடையது என்பதை அந்த அடைப்புக்குறி சொல்கிறது. வாக்கியத்தின் எலும்புக்கூடும் கடன் என்பதைச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவைத்து எழுதுபவர் வேறு விதமாகத் தொடங்குவார்: ‘மழையைக் காரணம் காட்டுவோரை இவர் மறுக்கிறார், ஆனால் இவர் தரும் சான்று இரண்டு வட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும்.’ இங்கே மூல ஆசிரியர் எழுவாயாகிவிட்டார். மாணவர் அவருக்கு எதிரே ஓரிடத்தில் நிற்கிறார்.

‘டர்னிடின்’ போன்ற மென்பொருள் தரும் விழுக்காடு எது ஒட்டு எழுத்து என்பதைத் தானாகத் தீர்ப்பதில்லை. நூற்பட்டியலும் முறையான மேற்கோள்களும்கூட எண்ணை உயர்த்தும். அதன் அறிக்கையில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று சொற்களாக வண்ணம் விட்டுவிட்டுத் தெரிந்தால் ஒட்டு எழுத்தென்று ஐயுறலாம். தமிழ் நூலிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதியது பெரும்பாலும் சிக்குவதே இல்லை.

நம் மாணவர்களின் இந்தப் பழக்கத்துக்குக் ‘கீழைநாட்டுப் பண்பாடு மூலத்தை வணங்குகிறது’ என்றொரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. தொல்காப்பியர் ‘என்ப’ என்று முன்னோர் கூற்றைப் பிரித்துக் காட்டுகிறார். பரிமேலழகர் ‘என்று உரைப்பாரும் உளர்’ என மாற்று உரையைச் சுட்டித் தம் மறுப்பையும் தருகிறார். பெயர் சொல்லாமல் விடுவது உண்டு. கற்றோர் வட்டம் சிறியதாக இருந்ததால் அது போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் பிறர் கூற்று எது, தம் கூற்று எது என்ற எல்லை அங்கே தெளிவாகவே இருக்கிறது.

காரணத்தை நான் தேர்வுத்தாளில் தேடுவேன். விடைக்குறிப்பில் உள்ள சொற்றொடர் அப்படியே இருந்தால் முழு மதிப்பெண் என்ற முறையில் பன்னிரண்டாம் வகுப்புவரை பழகியவருக்கு, சொல்லைக் காப்பதே நேர்மை. அவருக்கு முதல் வாரத்தில் கருத்துத் திருட்டு விதிகளின் கையேட்டைத் தந்து கையொப்பம் வாங்குவது தண்டனைக்கு ஆதாரம் சேர்க்கும், எழுதக் கற்றுத்தராது. மதிப்பெண் இல்லாத ஒரு பக்கத்தை முதல் மாதத்திலேயே எழுதவைத்து, மூலத்தை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இதற்கு ஒரு மாணவருக்கு அரைமணி நேரமாவது ஆகும். பெரிய வகுப்புகளை நடத்தும் துறைகள் அந்த நேரத்தை ஒதுக்கத் தயங்குவதற்கும் ‘பண்பாடு’ என்ற விளக்கம் வசதியாகிவிடுகிறது.