வகைக்கெழுவும் தொகையீடும்: விழும் பொருளின் கணக்கு

வகைக்கெழு, தொகையீடு ஆகியவை நுண்கணிதத்தின் இரு அடிப்படைக் கருத்துகள். மாறிக்கொண்டிருக்கும் ஓர் அளவு குறிப்பிட்ட கணத்தில் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதை வகைக்கெழு சொல்கிறது. வீதம் தெரிந்திருந்தால் ஒரு காலப் பகுதியில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தொகையீடு சொல்கிறது. இயற்பியல் மாணவர் இவ்விரண்டையும் முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இயக்கவியல். அங்கே இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு திசைவேகம். திசைவேகத்தின் தொகையீடு இடப்பெயர்ச்சி. பாடநூல்கள் வகையிடலை முதலிலும் தொகையிடலைப் பின்னரும் வைக்கின்றன. இயக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், சேர்த்துக் கூட்டும் கணக்குதான் மூத்தது.

பரப்பே தூரம்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சில பாபிலோனியக் களிமண் பலகைகள், வியாழன் வானில் நகரும் தூரத்தைக் கணக்கிடுகின்றன. இவை கி.மு. 350-க்கும் கி.மு. 50-க்கும் இடைப்பட்டவை. வியாழன் கண்ணுக்குத் தென்படத் தொடங்கியதும் நாளொன்றுக்கு 12 கலை நகர்வதாகவும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), வேகம் சீராகக் குறைந்து 60-ஆம் நாளில் 9.5 கலை ஆவதாகவும் கொள்கிறார்கள். இரண்டின் சராசரி 10.75 கலை. அதை 60-ஆல் பெருக்கினால் 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. இந்தக் கணக்கைப் பலகைகள் ஒரு சரிவகத்தின் பரப்பாகவே பேசுகின்றன என்று மத்தியூ ஓசென்ட்ரைவர் 2016-இல் எடுத்துக்காட்டினார். சரிவகத்தின் இரு இணைப்பக்கங்கள் தொடக்க வேகமும் இறுதி வேகமும். அதன் அகலம் காலம்.

அதே யோசனை 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தனியாக மீண்டும் எழுந்தது. வேகம் சீராகக் கூடும் பொருள், தன் நடுக்கணத்து வேகத்திலேயே முழு நேரமும் போனால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்தான் போகும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கூறினர். பிரான்சின் நிக்கோல் ஓரெம் அதைப் படமாக்கினார்: காலத்தைக் கிடைக்கோடாக வைத்து, ஒவ்வொரு கணத்திலும் அக்கணத்து வேகத்தின் அளவுக்குச் செங்குத்துக்கோடு நிறுத்தினார். கோடுகள் நிரப்பிய உருவத்தின் பரப்புதான் தூரம்.

பரப்பு எப்படித் தூரமாகும் என்ற ஐயம் பல மாணவர்களுக்கு வரும். திசைவேக–கால வரைபடத்தில் மிகக் குறுகிய ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் வினாடிக்கு இத்தனை மீட்டர். அகலம் இத்தனை வினாடி. பெருக்கினால் வினாடி அடிபட்டு மீட்டர் மட்டும் மிஞ்சும். அந்தச் சிறு நேரத்தில் பொருள் நகர்ந்த தூரம் அதுவே. பட்டைகளை எல்லாம் கூட்டினால் மொத்தத் தூரம்.

கணத்தின் வேகம்

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கேள்வி வானியலில் எழுந்தது. சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் கணிசமாக மாறுகிறது. ஆகவே நாள் முழுவதற்குமான சராசரி வேகத்தைக் கொண்டு ஒரு திதி முடியும் நேரத்தைக் கணித்தால் பிழை வரும். சித்தாந்த சிரோமணி (1150) எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இதற்காக 'தாற்காலிக கதி', அதாவது அந்தக் கணத்து வேகம் என்ற அளவைப் பயன்படுத்தினார். கோணம் சற்றே கூடினால் அதன் சைன் எவ்வளவு கூடும் என்பதைக் கொசைன் தீர்மானிக்கிறது என்ற உறவு அவர் கணக்கில் இருக்கிறது. ஆனால் அது கோள் கணிதத்துக்கு வேண்டிய ஒரு தனி விதி. எந்தச் சார்புக்கும் பொருந்தும் பொதுமுறை அங்கே இல்லை.

கலிலியோவின் எண்கள்

விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது? 1604-இல் கலிலியோ தம் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழுந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுவதாகச் சொன்னார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்தக் கருத்து, பொருள் அசையாத நிலையிலிருந்து தொடங்கும் அந்த இடத்திலேயே இடறுகிறது. தொடக்கத்தில் விழுந்த தூரம் சுழி. எனவே வேகமும் சுழி. வேகம் சுழியாக இருந்தால் தூரம் கூடாது. அந்தப் பொருள் எந்நாளும் விழாது. பின்னர் கலிலியோ இதைக் கைவிட்டு, வேகம் காலத்துக்கு ஏற்பவே கூடுகிறது என்று 1638-இல் வெளியான நூலில் நிறுவினார்.

நேராக விழும் பொருளை அளக்க அன்று தகுந்த கடிகாரம் கிடையாது. எனவே மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வடிந்த நீரை எடைபோட்டுக் காலத்தை அளந்தார். அடுத்தடுத்த சம காலங்களில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைந்தன. கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16. அதாவது தூரம் காலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது.

கலிலியோ இங்கே வேகத்தை நேரடியாக அளக்கவே இல்லை. அவர் அளந்தது தூரமும் காலமும் மட்டுமே. வேகம் என்பது அவற்றிலிருந்து ஊகித்தது. வகைக்கெழுவின் தேவையே இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டு வினாடி: இருபுறமும் ஒரு கணக்கு

காற்றின் தடையைப் புறக்கணித்து, உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிடுவதாகக் கொள்வோம். t வினாடியில் அது விழும் தூரம் மீட்டரில் s = 4.9t². சரியாக 2-ஆம் வினாடியில் அதன் வேகம் என்ன?

ஒரு கணத்தில் கல் எந்தத் தூரமும் போவதில்லை என்பதால் நேரடியாக வகுக்க முடியாது. எனவே 2 முதல் 2.1 வினாடி வரையிலான சராசரியைக் காண்போம். தூரம் 4.9 × (4.41 − 4) = 2.009 மீட்டர், அதை 0.1-ஆல் வகுத்தால் வினாடிக்கு 20.09 மீட்டர். இடைவெளியை 0.01 வினாடியாகச் சுருக்கினால் 19.649. மேலும் 0.001 ஆக்கினால் 19.6049. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 19.6-ஐ நெருங்குகிறது, எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அந்த 19.6 தான் வகைக்கெழு. இடப்பெயர்ச்சி–கால வரைகோட்டுக்கு அந்தப் புள்ளியில் வரையும் தொடுகோட்டின் சாய்வும் அதுவே.

இப்போது எதிர்த்திசை. வேகம் v = 9.8t என்று மட்டும் தெரியும். 2 வினாடியில் கல் விழுந்த தூரம் வேண்டும். நேரத்தை நான்கு அரை வினாடிகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு அரை வினாடியிலும் அதன் தொடக்க வேகத்திலேயே கல் போனதாகக் கொண்டால் (0 + 4.9 + 9.8 + 14.7) × 0.5 = 14.7 மீட்டர். இது உண்மையைவிடக் குறைவு. இறுதி வேகத்தை எடுத்தால் (4.9 + 9.8 + 14.7 + 19.6) × 0.5 = 24.5 மீட்டர். இது அதிகம். பட்டைகளை 0.1 வினாடி அளவுக்குக் குறுக்கினால் கீழ்விடை 18.62 ஆகவும் மேல்விடை 20.58 ஆகவும் நெருங்கி வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 19.6 மீட்டர். முக்கோணத்தின் பரப்பைக் கணக்கிட்டாலும் ½ × 2 × 19.6 = 19.6.

வேகமும் தூரமும் ஒரே எண்ணாக வந்தது 2-ஆம் வினாடிக்கே உரிய தற்செயல். 3-ஆம் வினாடியில் வேகம் 29.4, தூரம் 44.1. அலகை எழுதாமல் விடை தரும் மாணவர் இங்கே எதை எழுதினார் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு தவறு மிகவும் வழக்கமானது: 'வேகம் × காலம்' என்ற பழைய சூத்திரத்தில் இறுதி வேகத்தைப் போட்டு 19.6 × 2 = 39.2 என்று எழுதுவது. வரைபடத்தில் முக்கோணத்துக்குப் பதில் முழுச் செவ்வகத்தை எடுத்துக்கொண்டதால் விடை இரட்டிப்பாகிவிட்டது.

இரண்டையும் இணைத்தவர்கள்

சாய்வு காண்பதும் பரப்பு காண்பதும் 17-ஆம் நூற்றாண்டின் நடுவரை பெரும்பாலும் தனித்தனிக் கலைகள். அவை ஒன்றையொன்று தலைகீழாக்கும் செயல்கள் என்பதை ஐசக் பாரோ 1670-இல் வடிவியல் தேற்றமாக வெளியிட்டார். நியூட்டன் 1665–66 ஆண்டுகளிலேயே அதைப் பொதுமுறையாக்கியிருந்தார். ஆனால் அவர் அச்சில் கொடுக்கத் தாமதித்தார். தம் முறையை விரிவாக விளக்கி 1671-இல் அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1736-இல்தான் வெளிவந்தது. லைப்னிட்ஸ் தனியாக 1675-இல் இதை எட்டி, 1684-இல் அச்சிட்டார். யார் முதலில் என்ற சண்டை நீண்டகாலம் நடந்தது. இன்று நாம் எழுதும் ds/dt, ∫ ஆகிய குறியீடுகள் லைப்னிட்ஸ் தந்தவை.

லைப்னிட்ஸ் இந்த உறவை எண்தொடர்களிலிருந்து பிடித்தார். அதைக் கலிலியோவின் எண்களிலேயே பார்க்கலாம். 0, 1, 4, 9, 16 என்ற தொடரில் அடுத்தடுத்த வேறுபாடுகள் 1, 3, 5, 7. அந்த வேறுபாடுகளைக் கூட்டினால் 16, அதாவது கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தது. நடுவில் உள்ள எண்கள் ஒருமுறை கூடி ஒருமுறை கழிந்து மறைகின்றன. வேறுபாடுகளை மிகச் சிறியதாக்கினால் இதுவே நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். பட்டைகளைக் கூட்டாமலே, எதை வகையிட்டால் 9.8t வரும் என்று தேடி 4.9t²-ஐக் கண்டுபிடித்து, இறுதி மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்தால் போதும்.

கழித்தல் என்பதைக் கவனிக்க வேண்டும். தொகையீடு தருவது மாற்றத்தை மட்டுமே. கல் எந்த மாடியிலிருந்து விழுந்தது என்பதை 9.8t சொல்லாது. காலவரம்பு இல்லாமல் தொகையிடும்போது எழுதும் மாறிலி C அந்தத் தெரியாத தொடக்கத்துக்கான இடம்.

நியூட்டனின் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. 4.9t²-இல் t-க்குப் பதில் t + o என்று வைத்து, அதிலிருந்து 4.9t²-ஐக் கழித்து, o-ஆல் வகுத்தால் 9.8t + 4.9o வரும். பிறகு o-ஐ விட்டுவிடச் சொன்னார். வகுக்கும்போது o சுழி அல்ல. விடும்போது மட்டும் சுழியா என்று 1734-இல் ஜார்ஜ் பார்க்லி என்ற பாதிரியார் கேட்டார். நியாயமான கேள்விதான். 1820-களில் கோஷி எல்லை என்ற கருத்தை அடித்தளமாக்கியபோது உரிய பதில் கிடைத்தது: o ஒருபோதும் சுழியாக்கப்படுவதில்லை, அது சுருங்கும்போது விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறது என்பதே கேள்வி. மேலே 20.09, 19.649, 19.6049 என்று கண்டது அதுதான்.

அளவீட்டில் வரும் சிக்கல்

சூத்திரம் இல்லாமல் ஆய்வகத்தில் எடுத்த அளவுகள் மட்டும் இருந்தால் இவ்விரு செயல்களும் வேறுவேறு விதத்தில் தொல்லை தரும். ஒவ்வொரு 0.01 வினாடிக்கும் ஒரு பொருளின் இடத்தை அளக்கிறோம், ஒவ்வொரு அளவிலும் 1 மில்லிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று கொள்வோம். அடுத்தடுத்த இரு அளவுகளைக் கழிக்கும்போது பிழை 2 மில்லிமீட்டர் வரை போகலாம், 0.01-ஆல் வகுத்தவுடன் வேகத்தில் அது வினாடிக்கு 0.2 மீட்டர் ஆகிறது. கால இடைவெளியைச் சுருக்கினால் நிலைமை மோசமாகும். கணிதத்தில் இடைவெளி சுருங்கச் சுருங்க நல்லது; அளவீட்டில் ஓர் அளவுக்குமேல் சுருக்கக் கூடாது.

தொகையிடல் இத்தகைய சிதறல்களைப் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக் குறைத்துவிடும். ஆனால் ஒரே பக்கம் சாய்ந்த பிழையை விடாமல் சேர்த்துக்கொண்டே போகும். முடுக்கமானி ஒன்று எப்போதும் 0.01 மீ/வி² கூடுதலாகக் காட்டுவதாகக் கொள்வோம். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், இரண்டாம் முறை தொகையிட்டால் இடம். ஒரு நிமிடத்தில் இடத்தில் வரும் பிழை ½ × 0.01 × 60² = 18 மீட்டர்; பத்து நிமிடத்தில் 1,800 மீட்டர். அதனால்தான் முடுக்கமானியை நம்பி வழி காணும் கருவிகள் தம் இடத்தை அவ்வப்போது செயற்கைக்கோள் சமிக்ஞை போன்ற வேறொரு அளவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன.